வெட்டாமல் ஏலாது: ஒரு விறாந்தையின் கணக்கு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். போன வாரம் நாங்கள் ஒரு மேசன் தம்பிக்குத் தவறான தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அதைச் சொன்னது நாலு பேர் முன்னால். ஆகவே திருத்தத்தையும் நாலு பேர் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தோம். நாங்கள் என்றால், மாலை வகுப்பு எடுக்கும் கணித ஆசிரியர்கள் இருவர்.

சோனகதெருவில் ஒரு வீடு திருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது. 1990 ஒக்டோபரில் விட்டுப் போன வீடு. திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை. முன் விறாந்தையின் உள் மூலையில் வாப்பா கட்டிய ஒரு தூண் மட்டும் அப்படியே நின்றது. வீட்டுக்காரர் அந்தத் தூணை உடைக்க விடவில்லை. அதை வைத்தே புது விறாந்தையை அமைத்தார். அதற்கு நேர் எதிர் மூலையில், தெருப் பக்கமாக, கூரையைத் தாங்க ஒரு புதுத் தூண் எழுப்பினார். விறாந்தை 8 அடிக்கு 8 அடி. ஒவ்வொரு தூணும் மூலையில் சரியாக ஓர் அடிக்கு ஓர் அடி இடம் பிடித்திருக்கிறது.

தரைக்கு அவர் வாங்கியது ஓர் அடிக்கு இரண்டடி டைல்ஸ். கடையில் அந்த நிறத்தில் மிச்சம் இருந்தது 31 தான். அவர் கணக்குப் போட்டார்: 64 சதுர அடியில் இரண்டு தூணுக்கும் 2 போனால் 62. ஒரு டைல் 2 சதுர அடி. 62 ஐ 2 ஆல் வகுத்தால் 31. கச்சிதம். அதனால் மேசனிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “தம்பி, ஒரு டைலையும் வெட்டக் கூடாது. கணக்குச் சரியா இருக்கு.”

மேசன் சீமெந்து குழைக்க முன்னர் டைல்ஸைச் சும்மா பரப்பிப் பார்த்தார். 30 டைல் இறங்கியது. கையில் ஒன்று மிச்சம், தரையில் ஓரடிக் கட்டங்கள் இரண்டு மிச்சம். ஆனால் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. எல்லாவற்றையும் எடுத்து வேறு மாதிரிப் பரப்பினார். மறுபடியும் அதே கதை. இப்படியே மூன்று நாள். நாலாம் நாள் அவர் “ஒரு டைலை வெட்டத்தான் வேணும் நானா” என்றார். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கு வேலை தெரியாட்டிச் சொல்லு. மூண்டு நாள் கூலி நான் ஏன் தரவேணும்?” என்று நிறுத்திவிட்டார்.

அந்தக் கிழமை பின்னேரம் ஐந்து சந்தியில் நின்றபோது இருவரும் எங்களிடம் கேட்டார்கள். நாங்கள் மனதுக்குள் 62 ஐ 2 ஆல் வகுத்தோம். “மிச்சம் இல்லாமல் வகுபடுது. அப்ப வரத்தானே வேணும், இன்னும் கொஞ்சம் யோசிச்சு வச்சுப் பாருங்க தம்பி” என்றோம். பிழை செய்தது அந்த இடத்தில்தான். மேசனின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தும் நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அவருடைய மகள் எங்களிடம் ஒன்பதாம் ஆண்டுக் கணிதம் படிக்கிறாள். அடுத்த நாள் வகுப்புக்கு ஒரு சதுரக்கோட்டுத் தாளோடு வந்தாள். தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டங்கள், இரண்டு மூலை வெட்டப்பட்டு, உள்ளே பென்சிலால் டைல்ஸ். இப்படிப் பன்னிரண்டு முயற்சி வரைந்திருந்தாள். “சேர், வாப்பாக்கு வேலை தெரியும். இது ஏலாது” என்றாள். “பன்னிரண்டு தரம் வராததால ஏலாது எண்டு சொல்ல முடியாதே பிள்ள, பதின்மூண்டாவது தரம் வந்தால்?” என்று கேட்டோம். அவள் சொன்ன பதில் எங்களை நிறுத்தியது: “கடைசி ரெண்டு கட்டமும் எப்பவும் தள்ளித் தள்ளியே நிக்குது சேர். ஏன் ஒருக்காலாவது ஒட்டி நிக்குதில்ல?”

இதுதான் சரியான கேள்வி. பன்னிரண்டு தோல்வியும் ஒரே மாதிரித் தோற்றால் அதற்குள் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. எல்லா விதத்தையும் வைத்துப் பார்த்து முடிப்போம் என்று வெளிக்கிட்டால் கரை காண முடியாது. மூலை குறையாத முழு எட்டுக்கு எட்டுப் பலகையை இப்படிப்பட்ட இரட்டைக் கட்டங்களால் நிரப்பும் விதங்கள் மட்டும் 1,29,88,816. மூன்று நாள் அல்ல, முப்பது வருடம் பரப்பினாலும் மேசனால் முடித்திருக்க முடியாது.

வகுப்பில் தரையில் ஓர் ஓலைப் பாய் கிடந்தது. சாயம் போட்ட ஓலையும் சாயம் போடாத ஓலையும் கலந்து இழைத்த பாய். நெடுக்கே போகிற ஓலை எல்லாம் சிவப்பு, குறுக்கே போகிறது எல்லாம் வெறும் ஓலை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பின்னும்போது நெடுக்கோலை மேலே வரும் இடம் சிவப்பாகவும், குறுக்கோலை மேலே வரும் இடம் வெள்ளையாகவும் தெரியும். பக்கத்துப் பக்கத்துக் கட்டம் இரண்டும் ஒருபோதும் ஒரே நிறமாக இராது. சதுரங்கப் பலகையும் இப்படித்தான். பாயைக் காட்டி, “உன்ட தாளையும் இதைப்போல நிறம் தீட்டு” என்றோம்.

தீட்டினாள். நீங்களும் தீட்டுங்கள். வெட்டிய மூலைகள் இரண்டும் எந்த நிறமாக இருந்திருக்கும் என்று பாருங்கள்.

நிரைகளை மேலிருந்து 1 தொடக்கம் 8 வரையும், நிரல்களை இடமிருந்து 1 தொடக்கம் 8 வரையும் எண்ணுவோம். ஒரு கட்டத்தின் நிரை எண்ணையும் நிரல் எண்ணையும் கூட்டி வருவது இரட்டை எண் என்றால் சிவப்பு, ஒற்றை எண் என்றால் வெள்ளை. பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தால் இரண்டு எண்ணில் ஒன்று மட்டும் ஒன்றால் மாறும். ஆகவே நிறமும் மாறும். பழைய தூண் நிற்பது முதலாம் நிரை முதலாம் நிரலில்: 1 உம் 1 உம் 2, சிவப்பு. புதுத் தூண் நிற்பது எட்டாம் நிரை எட்டாம் நிரலில்: 8 உம் 8 உம் 16, அதுவும் சிவப்பு. முழுப் பலகையில் சிவப்பு 32, வெள்ளை 32. இரண்டு தூணும் சிவப்பிலேயே உட்கார்ந்துவிட்டதால் மிச்சம் சிவப்பு 30, வெள்ளை 32.

இனி டைலைப் பாருங்கள். அதை நெடுக்கே வைத்தாலும் குறுக்கே வைத்தாலும் பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டத்தையே மூடும். அதாவது ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. 31 டைல் வைத்தால் 31 சிவப்பும் 31 வெள்ளையும் மூடப்பட வேண்டும். இருப்பதோ 30 உம் 32 உம். ஆகவே முடியாது. இன்னும் கெட்டிக்கார மேசனைக் கொண்டு வந்தாலும் முடியாது.

பிள்ளை கேட்ட கேள்விக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. 30 டைல் இறங்கினால் 30 சிவப்பும் தீர்ந்துவிடும். மிஞ்சுகிற இரண்டு கட்டமும் வெள்ளை. வெள்ளையும் வெள்ளையும் பக்கத்தில் இருக்க முடியாது. அதனால்தான் அவை எப்போதும் தள்ளித் தள்ளி நின்றன. அவள் தன் பன்னிரண்டு படத்திலும் மிஞ்சிய கட்டங்களைப் போய்ப் பார்த்தாள். 30 டைல் வரை போன படங்களில் எல்லாம் மிஞ்சியது வெள்ளையும் வெள்ளையும்தான். பிறகு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்று இரவே நாங்கள் வீட்டுக்காரரிடம் போனோம். மேசன் தம்பியும் வந்திருந்தார். விறாந்தையில் சோக்குக் கட்டியால் கோடு கீறி, ஒன்று விட்டு ஒரு கட்டத்தில் புள்ளடி போட்டுக் காட்டினோம். வீட்டுக்காரர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு மறுப்புச் சொன்னார். நல்ல மறுப்பு: “சேர், நிறம் நீங்க தீட்டினது. என்ட டைல்ஸ் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தரையும் ஒரே நிறம். இல்லாத நிறத்தை வச்சு எப்பிடி ஏலாது எண்டுறீங்க?”

நிறம் எங்கள் கற்பனைதான். நில அளவையாளர் காணியில் கட்டுகிற கயிற்றைப் போல அது அளக்க உதவும் ஒரு பொருள், காணியின் பகுதி அல்ல. ஆனால் அவர் திருப்திப்படவில்லை என்பது தெரிந்தது. ஆகவே நிறமே இல்லாத இன்னொரு வழியில் போனோம். இதை மெதுவாக வாசியுங்கள்.

முதலாம் நிரையில் தூண் ஒரு கட்டத்தைப் பிடித்ததால் மிச்சம் 7 கட்டம். அந்த நிரைக்குள்ளேயே படுத்திருக்கும் டைல்கள் இரண்டு இரண்டாக மூடும். 7 ஒற்றை எண். ஆகவே முதலாம் நிரையிலிருந்து இரண்டாம் நிரைக்குக் கால் நீட்டி நிற்கும் டைல்கள் ஒற்றை எண்ணிக்கையில் இருந்தே ஆக வேண்டும்: 1 அல்லது 3 அல்லது 5 அல்லது 7.

இரண்டாம் நிரையில் 8 கட்டம். மேலிருந்து நீட்டிய கால்கள் அதில் ஒற்றை எண்ணிக்கையான கட்டங்களைப் பிடித்துவிட்டன. 8 இலிருந்து ஒற்றை எண் போனால் மிச்சமும் ஒற்றை எண். ஆகவே இரண்டாம் நிரையிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கும் டைல்களும் ஒற்றை எண்ணிக்கையே. இதே நியாயம் மூன்று, நாலு, ஐந்து என்று ஏழாம் நிரை வரை இறங்கிப் போகும். எட்டு நிரைகளுக்கு இடையில் 7 எல்லைகள். ஒவ்வொரு எல்லையையும் ஒற்றை எண்ணிக்கையான டைல்கள் கடக்கின்றன. ஏழு ஒற்றை எண்களைக் கூட்டினால் ஒற்றை எண்தான் வரும். எனவே நெடுக்கே நிற்கும் டைல்களின் மொத்தம் ஒற்றை எண்.

விறாந்தையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் நிரலுக்கும் இதே கதைதான். முதலாம் நிரலில் 7 கட்டம், பிறகு 8, 8 என்று போகிறது. எனவே குறுக்கே கிடக்கும் டைல்களின் மொத்தமும் ஒற்றை எண். ஒற்றையும் ஒற்றையும் கூட்டினால் இரட்டை. ஆனால் மொத்த டைல்ஸ் 31, அது ஒற்றை. ஆகவே அப்படி ஒரு பரப்பல் இருக்க முடியாது.

இதில் நிறம் எங்கேயும் வரவில்லை. வீட்டுக்காரர் விரலை மடக்கி இரண்டு தரம் எண்ணினார். பிறகு “சரி” என்றார். நிறம் தீட்டும் வழி குறுகியது, நிரை எண்ணும் வழி நீண்டது. இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்லுகின்றன.

அப்போது மேசன் தம்பி ஒரு சந்தேகம் கேட்டார். எங்களுக்குத் தோன்றாத சந்தேகம் அது, தொழில் தெரிந்தவருக்குத்தான் வரும். “சேர், நீங்க கட்டம் கட்டமா எண்ணுறீங்க. ஆனா நாங்க செங்கல் கட்டுற மாதிரி டைலைப் பாதி தள்ளியும் வைப்பம். அப்ப அது உங்கட கட்டத்துக்குள்ள வராதே?”

பாதி தள்ளி வைப்பது என்றால் இரண்டடி டைலில் ஓர் அடி தள்ளுவது. ஓர் அடி தள்ளினால் மறுபடியும் கோட்டிலேயேதான் வந்து நிற்கும். ஆகவே அதுவும் எங்கள் கணக்குக்குள் அடக்கம். அரை அடி, கால் அடி தள்ளினால் என்ன? சுவரோரம் அரை அடியோ கால் அடியோ இடைவெளி விழும். வெட்டாத டைலின் சின்னப் பக்கமே ஓர் அடி என்பதால் அந்த இடைவெளியை எதுவும் நிரப்பாது. சரித்து வைத்தால் சுவரோரம் முக்கோண இடைவெளி விழும். வெட்டாமல் முழுதாக நிரப்ப வேண்டும் என்றால் முதல் நிரை சுவரோடு ஒட்டி முழு அடிகளில்தான் போக முடியும். அது அப்படிப் போனால் அடுத்த நிரைக்கும் வேறு வழியில்லை. மேசன் தலையை ஆட்டினார். இது அவருக்கு எங்களை விட நன்றாகத் தெரிந்த விசயம்.

அப்படியானால் எத்தனை வெட்டு வேண்டும்? வீட்டுக்காரருக்கு முக்கியமானது இதுதான். மிச்சம் 31 டைல் மட்டுமே. வெட்டி வீணாக்கினால் வேறு இல்லை.

ஒரே ஒரு வெட்டு. அதற்குக் குறையாது, கூடவும் தேவையில்லை. குறையாது என்பதை மேலே நிறுவிவிட்டோம். ஒன்று போதும் என்பதற்கு இதோ பரப்பல்: முதலாம் நிரையில் தூணுக்கு அடுத்த 2 ஆம், 3 ஆம் கட்டத்துக்கு ஒரு டைல், 4 உம் 5 உம் ஒன்று, 6 உம் 7 உம் ஒன்று. எட்டாவது கட்டம் வெறுமையாக நிற்கும். இரண்டாம் நிரை தொடக்கம் ஏழாம் நிரை வரை ஒவ்வொன்றிலும் குறுக்கே நாலு டைல், மொத்தம் 24. எட்டாம் நிரையில் 1 உம் 2 உம், 3 உம் 4 உம், 5 உம் 6 உம் என்று மூன்று டைல். அதில் ஏழாவது கட்டம் வெறுமை. 3 உம் 24 உம் 3 உம் கூட்டினால் 30. கையில் இருக்கும் முப்பத்தோராவது டைலை நடுவால் இரண்டாக வெட்டி அந்த இரண்டு கட்டத்திலும் போட்டால் வேலை முடிந்தது. இரண்டும் வெள்ளைக் கட்டம் என்பதைக் கவனித்தீர்களா? 1 உம் 8 உம் 9, 8 உம் 7 உம் 15. கணக்குச் சொன்னபடியே.

வெட்டிய துண்டில் ஒரு பக்கம் தொழிற்சாலை விளிம்பாக இராது. அந்தப் பக்கத்தைத் தூணோரமோ சுவரோரமோ திருப்பி வைத்தால் கண்ணில் படாது என்றார் மேசன். எட்டாம் நிரையின் ஏழாவது கட்டம் புதுத் தூணை ஒட்டியே இருக்கிறது. முதலாம் நிரையின் எட்டாவது கட்டம் சுவர் மூலை. இரண்டுமே மறைகிற இடங்கள். இந்தக் கெட்டித்தனம் எங்களுடையது அல்ல, அவருடையது.

வீட்டுக்காரர் பழைய தூணைப் பார்த்தபடி இன்னொன்று கேட்டார்: “அப்ப நான் புதுத் தூணை ஓர் அடி தள்ளி எழுப்பியிருந்தா?”

எட்டாம் நிரையில் ஓர் அடி இடப்பக்கம் தள்ளி, ஏழாவது கட்டத்தில் எழுப்பியிருந்தால் அது வெள்ளையில் நிற்கும். சிவப்பு 31, வெள்ளை 31. வெட்டே வேண்டாம். முதலாம் நிரையில் மேலே சொன்ன மூன்று டைல். எட்டாம் நிரையிலும் அதே மூன்று. எட்டாம் நிரலில் மேலிருந்து கீழ் வரை நெடுக்காக நாலு டைல். நடுவில் 6 நிரையும் 7 நிரலும் மிஞ்சும். அதில் நெடுக்காகவே ஒவ்வொரு நிரலிலும் மூன்று, மொத்தம் 21. எல்லாம் சேர்த்து 31. வரைந்து பாருங்கள், சரியாக உட்காரும். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். ஓர் அடியில் எவ்வளவு வித்தியாசம்.

உண்மையில் இது அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பொருந்துவது அல்ல. ஒரு தூண் சிவப்பிலும் மற்றது வெள்ளையிலும் நின்றால், அவை எங்கே நின்றாலும் சரி, எட்டுக்கு எட்டு விறாந்தையை வெட்டாமல் நிரப்பலாம். ரால்ஃப் கொமொரி என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் காட்டிய அழகான நியாயம் இது. ஒழுங்கையில் நடப்பதைப் போல நடந்து பாருங்கள். முதலாம் நிரையில் இடமிருந்து வலமாகப் போங்கள். இரண்டாம் நிரைக்கு இறங்கி இரண்டாம் நிரல் வரை இடப்பக்கம் வாருங்கள். மூன்றாம் நிரைக்கு இறங்கி மறுபடி வலம். இப்படிப் பாம்பு போல வளைந்து எட்டாம் நிரைக்கு வந்து, அங்கே முதலாம் நிரல் வரை முழுதாக இடப்பக்கம் வந்து, அந்த நிரல் வழியே நேரே மேலே ஏறினால் புறப்பட்ட இடம். 64 கட்டத்தையும் ஒவ்வொரு தரம் தொட்ட ஒரு சுற்று வழி. வழி நெடுக சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மாறி மாறி வரும். அதில் ஒரு சிவப்பையும் ஒரு வெள்ளையையும் எடுத்தால் வழி இரண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டும் ஒரு நிறத்தில் தொடங்கி மற்ற நிறத்தில் முடியும். ஆகவே அதில் இரட்டை எண்ணிக்கையான கட்டங்கள். ஒரு முனையிலிருந்து டைலை ஒன்றன்பின் ஒன்றாக வழியோடு அடுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். எடுத்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரே துண்டுதான் மிஞ்சும், அதுவும் இரட்டை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிறம் சமன் என்றால் எப்போதும் நிரப்பலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு கட்டம் போகும் எட்டுக்கு எட்டுக்குத்தான் இந்த உத்தரவாதம். நாலு தூண் இருந்தால் கதை மாறலாம். முதல் மூலைக் கட்டத்தின் வலப்பக்கத்திலும் கீழேயும் இரண்டு தூண் நின்றால் அவை இரண்டும் வெள்ளை. வேறெங்காவது இரண்டு சிவப்பில் இன்னும் இரண்டு தூண் நிற்கட்டும். சிவப்பு 30, வெள்ளை 30, சமன். ஆனால் அந்த மூலைக் கட்டம் அடைபட்டுத் தனியே கிடக்கும். அதை எந்த முழு டைலும் தொட முடியாது. நிறம் சமனில்லை என்றால் முடியாது என்பது உறுதி. சமன் என்றால், முடியலாம் என்ற அளவே. பரப்பளவும் அப்படித்தான். 62 என்பது 2 ஆல் வகுபடாவிட்டால் அங்கேயே கதை முடிந்திருக்கும். வகுபட்டதால் முடியும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோமே, அதுதான் எங்கள் பிழை.

இந்தக் கேள்வி எங்கள் விறாந்தையில் பிறந்ததல்ல. மக்ஸ் பிளாக் என்ற மெய்யியலாளர் 1946 இல் ஒரு நூலில் இதைச் சதுரங்கப் பலகையும் டொமினோக் கட்டைகளுமாக எழுதினார். 1964 இல் ஜோன் மக்கார்த்தி என்ற கணினி அறிஞர், நிறுவல் தேடும் கணினி நிரல்களுக்கு இது உடைக்கக் கடினமான கொட்டை என்று காட்டினார். காரணம் விளங்குகிறதா? கேள்வியில் நிறமே இல்லை. கட்டங்களும் டைலும் மட்டும்தான் இருக்கின்றன. நிறத்தை வெளியிலிருந்து ஒருவர் கொண்டு வர வேண்டும். எங்களுக்கு அதைக் கொண்டு வந்தது ஓலைப் பாய்.

பிள்ளைகளோடு செய்து பார்க்க வீட்டில் இன்னொரு பலகை இருக்கிறது: ஐந்துக்கு ஐந்து தாயக்கட்டம். 25 கட்டம், ஒற்றை எண். ஒரு கட்டத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்து மூடிவிட்டால் மிச்சம் 24. தீக்குச்சிப் பெட்டியின் அட்டையை இரண்டு கட்ட அளவில் பன்னிரண்டு துண்டாக வெட்டி நிரப்பச் சொல்லுங்கள். கொட்டை நடுவிலோ மூலையிலோ இருந்தால் வரும். மூலைக்கு அடுத்த கட்டத்தில் இருந்தால் வராது. மூலையின் நிறத்தில் 13 கட்டம், மற்ற நிறத்தில் 12. கொட்டை அந்தப் பன்னிரண்டில் ஒன்றை மறைத்தால் 13 உம் 11 உம் ஆகிவிடும். முதலில் காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை பலமுறை தோற்கட்டும். மிஞ்சிய கட்டங்கள் எங்கே நிற்கின்றன என்று மட்டும் கேளுங்கள்.

விறாந்தை போன சனிக்கிழமை முடிந்தது. 30 முழு டைல், ஒரு வெட்டு. வீட்டுக்காரர் மூன்று நாள் கூலியையும் சேர்த்தே கொடுத்தார். “அந்த மூண்டு நாளும் நீ வேலை செய்யாம இருக்கேல்ல தம்பி, ஏலாத வேலையைச் செய்திருக்கிறா. பிழை என்ட கணக்கில” என்றார். நாங்களும் பக்கத்தில் நின்று, பிழை எங்கள் கணக்கிலும்தான் என்றோம். மேசன் சிரித்தார். “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வரும் எண்டு சொன்னாப் பிறகு, எனக்கே என்ட கையில சந்தேகம் வந்திட்டுது சேர்” என்றார். அந்தச் சொல் எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

அவருடைய மகள் சதுரக்கோட்டுத் தாளின் பன்னிரண்டு படத்தையும் கிழிக்கவில்லை. பதின்மூன்றாவது படமாக, நிறம் தீட்டிய பலகையை வரைந்து, அடியில் ஒரே வரி எழுதியிருக்கிறாள்: “வெள்ளை 32, சிவப்பு 30, ஏலாது.” தாள் இப்போது வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வந்தால் பாருங்கள்.